போக்கியப் பத்திரத்தைப் போனிடம் கொடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் அம்மா. ஏற்காடு நாகலூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறோம். மகளுக்குக் கனடாவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. தமிழில் உள்ள காகிதங்களை எல்லாம் இங்கிலீஷில் வைக்க வேண்டும் என்கிறார் விசா ஏஜெண்ட். பிறப்புச் சான்று 1 பக்கம், பட்டா 2, அப்பா 1987-இல் தோட்டம் வாங்கிய கிரயப் பத்திரம் 11, சேலம் அம்மாபேட்டை வீட்டைப் போக்கியத்துக்கு விட்ட பத்திரம் 4, பள்ளிக்கூடச் சான்றுகள் 6. ஆக 24 பக்கம். பக்கத்துக்கு 400 ரூபாய் என்று 9,600 கேட்கிறார் ஒரு மொழிபெயர்ப்பாளர். போனில் போட்டோ எடுத்தால் ஒரு நிமிடத்தில் சும்மாவே வந்துவிடுகிறது. என் தம்பி இங்கிலீஷ் வாத்தியார். அகராதி வைத்துக்கொண்டு தானே எழுதித் தருகிறேன் என்கிறான். பதினொரு நாள்தான் இருக்கிறது. யாரிடம் கொடுப்பது? காலேஜில் இருந்து வரும் மெயிலையும் போனில் தமிழாக்கித்தான் படிக்கிறேன். அது சரியா?

— ஒரு தகப்பனார், ஏற்காடு

பதில்: முதலில் உங்கள் தம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேதான் வேலை வீணாகப் போகும். அவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் கனடாவுக்கு அது செல்லாது. விண்ணப்பிப்பவரோ அவர் குடும்பத்தாரோ செய்த மொழிபெயர்ப்பைக் கனடா குடிவரவுத் துறை ஏற்பதில்லை. அப்பா, அம்மா, அண்ணன், தம்பி மட்டும் குடும்பம் இல்லை. சித்தப்பா, மாமா, அத்தை எல்லாரும் அதில் வருகிறார்கள். உங்கள் தம்பி மகளுக்குச் சித்தப்பா. வெளியாள் ஒருவர் மொழிபெயர்க்க வேண்டும். அவர் மொழிபெயர்ப்பாளர் சங்கத்தின் சான்று பெற்றவராக இல்லாவிட்டால், “எனக்கு இரண்டு மொழியும் தெரியும், இது மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு” என்று நோட்டரி முன்னால் உறுதி சொல்லிக் கையெழுத்திட்ட அஃபிடவிட் கூடவே இருக்க வேண்டும். மூலத்தின் சான்றிட்ட நகலும் வேண்டும்.

இந்த ஒரு விதியே உங்கள் கேள்வியில் பாதியைத் தீர்த்துவிடுகிறது. போன் அஃபிடவிட்டில் கையெழுத்துப் போடாது. ஆகவே கனடாவுக்குப் போகிற தமிழ்க் காகிதம் எதுவானாலும் மனிதர் கையால்தான் போக வேண்டும். அப்படியானால் எத்தனை பக்கம் போக வேண்டும் என்பதுதான் அடுத்த கேள்வி. உங்கள் 9,600 ரூபாய் அங்கேதான் குறையும்.

பிறப்புச் சான்றை எடுங்கள். உங்களிடம் இருப்பது மகள் பிறந்த வருடத்தில் கையால் எழுதிக் கொடுத்த பழைய சான்று என்று நினைக்கிறேன். அதை மொழிபெயர்க்க வேண்டாம். பிறப்பு பதிவான அலுவலகத்தில் புதிதாகக் கணினிச் சான்று கேளுங்கள். அது தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே வருகிறது. பெயர் எழுத்து பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். பள்ளிக்கூடச் சான்றுகள் ஆறில் மதிப்பெண் பட்டியல்கள் இரண்டு மொழியிலும் அச்சானவைதானே? அவற்றை அப்படியே வையுங்கள். மீதி உள்ள தமிழ்ச் சான்றுகளைக் காலேஜோ தூதரகமோ பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் ஒழிய வைக்க வேண்டியதில்லை. ஏஜெண்ட் “எல்லாம்” என்று சொன்னால், கனடாவின் இணையக் கணக்கில் உங்கள் மகளுக்கு வந்திருக்கும் ஆவணப் பட்டியலை ஒருமுறை நீங்களே பாருங்கள். நிறையக் குடும்பங்கள் கேட்காத காகிதத்துக்குக் காசு கொடுப்பதை நான் பார்க்கிறேன்.

1987 கிரயப் பத்திரம் பதினொரு பக்கம், 4,400 ரூபாய். மாணவர் விசாவில் முதலாவதாகப் பார்ப்பது படிப்புக்கும் இருப்புக்கும் கையில் பணம் இருக்கிறதா என்பதை. நிலம் துணைச் சான்றுதான். தோட்டத்தின் மதிப்பை மதிப்பீட்டாளர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதித் தந்து, ஆடிட்டர் சொத்து, கடன் இரண்டையும் காட்டி நிகர மதிப்புச் சான்று கொடுத்தால், பட்டாவின் மொழிபெயர்ப்போடு அதுவே பெரும்பாலும் போதும். கிரயப் பத்திரத்தை வைப்பதானால் முழுதாகத்தான் வைக்க வேண்டும். தேவையான பக்கத்தை மட்டும் மொழிபெயர்ப்பது என்பது இங்கே கிடையாது. ஆகவே வைக்கலாமா வேண்டாமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பாதி வைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

ஆக, மிஞ்சுவது பட்டா 2, போக்கியப் பத்திரம் 4. ஆறு பக்கம், 2,400 ரூபாய். நோட்டரிச் செலவு தனி. இந்த ஆறு பக்கத்தில் நான் சிக்கனம் பார்க்கச் சொல்ல மாட்டேன். ஏன் என்று உங்கள் போக்கியப் பத்திரத்தையே வைத்துச் சொல்கிறேன்.

நம் ஊரில் போக்கியம் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அம்மாபேட்டையில் ஒரு வீட்டுக்காரர் ஐந்து லட்சம் வாங்கிக்கொள்கிறார். பணம் கொடுத்தவர் மூன்று வருடம் வாடகை தராமல் குடியிருக்கிறார். கெடு முடிந்ததும் வீட்டுக்காரர் அந்த ஐந்து லட்சத்தையும் திருப்பித் தந்து வீட்டை மீட்கிறார். பத்திரத்தில் இது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

“மேற்படி ரூபாய் ஐந்து லட்சத்தை நாளது தேதியில் தங்களிடம் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு, கீழ்க்கண்ட சொத்தை மூன்று வருடக் கெடுவுக்குத் தங்கள் வசம் போக்கியமாக ஒப்படைத்து, வீட்டிற்கு வாடகை இல்லை, பணத்திற்கு வட்டி இல்லை என்ற ஷரத்துப்படி தாங்கள் அனுபவித்துக்கொள்ளவும், கெடு முடிந்ததும் முழுத் தொகையையும் செலுத்தி மீட்டுக்கொள்ளவும் சம்மதித்து எழுதிக்கொடுத்த போக்கியப் பத்திரம்.”

உங்கள் கடிதம் வந்ததும் இதே போன்ற ஒரு வாக்கியத்தைப் போனில் போட்டுப் பார்த்தேன். வந்த ஆங்கிலம் சரளமாகத்தான் இருந்தது. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் போக்கியம் என்பது ‘லீஸ்’ ஆகியிருந்தது. லீஸ் என்றால் வாடகை அல்லது குத்தகை. அதைப் படிக்கிற கனடா அதிகாரி, இந்தக் குடும்பம் வீட்டை வாடகைக்கு விட்டு ஐந்து லட்சம் சம்பாதித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வார். உண்மையில் அது உங்கள் தலைமேல் இருக்கும் கடன். உங்கள் ஆடிட்டர் தன் சான்றில் அந்த ஐந்து லட்சத்தைக் கடன் பக்கத்தில் சரியாகக் காட்டியிருப்பார். மொழிபெயர்ப்பு வருமானம் என்கிறது, ஆடிட்டர் கடன் என்கிறார். இரண்டும் ஒரே உறையில் போகின்றன. யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் அங்கே இருந்துதான் பிறக்கிறது. நீங்கள் ஒன்றுமே மறைக்கவில்லை, ஒரு சொல் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

சட்டத்தில் இதற்கு இடம் தெளிவாகவே இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தில் 58-ஆம் பிரிவு அடமானங்களை வகைப்படுத்துகிறது. சொத்தைக் கடன் கொடுத்தவர் வசம் ஒப்படைத்து, வட்டிக்குப் பதில் அதன் பலனை அவர் அனுபவிப்பதை அங்கே ‘யூசுஃப்ரக்சுவரி மார்ட்கேஜ்’ என்று சொல்கிறார்கள். லீஸ் 105-ஆம் பிரிவில் தனியாக இருக்கிறது. பத்திர வேலை தெரிந்த மொழிபெயர்ப்பாளர் முதல் சொல்லைத்தான் போடுவார். கூடவே போக்கியம் என்ற தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் வைத்து, ‘வாடகையும் இல்லை வட்டியும் இல்லை’ என்ற வரியை முழுதாக எழுதுவார். அந்த வரி இருந்தால் சட்டப் பெயரே தெரியாத அதிகாரிக்கும் விஷயம் பிடிபட்டுவிடும்.

அந்த வாக்கியத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. முழுப் பத்திரமும் பெரும்பாலும் ஒரே வாக்கியம். எழுவாய் முதல் பக்கத்தில் இருக்கும், வினைமுற்று கடைசியில் இருக்கும், நடுவில் ‘நான்’, ‘தங்கள்’ என்பவை பல இடங்களில் சொல்லாமலே புரிந்துகொள்ள வேண்டியவை. தமிழ் படிக்கிற நமக்கு அது தானாகப் புரியும். ஆங்கிலத்துக்கோ ஒவ்வொரு வினைக்கும் ஆள் வேண்டும். இயந்திரம் வாக்கியத்தைத் துண்டாக்கி, ஆள் இல்லாத இடத்தில் ஒரு ஆளைத் தானே நிரப்புகிறது. நான் பார்த்ததில் ‘முழுத் தொகையையும் செலுத்தி மீட்டுக்கொள்ள’ வேண்டியவராக வீட்டுக்காரருக்குப் பதில் குடியிருப்பவர் வந்து நின்றார். பணம் யார் யாருக்குத் தர வேண்டும் என்பதே தலைகீழ்.

இங்கிலீஷ் அவ்வளவாகத் தெரியாத ஒருவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வழி இருக்கிறது. வந்த ஆங்கிலத்தை எடுத்து மறுபடியும் தமிழாக்கிப் பாருங்கள். போக்கியம் போய்க் குத்தகையாகத் திரும்பி வந்தால் வழியில் பொருள் தவறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். ஆள் மாறியிருந்தாலும் தெரியும். ஆனால் இந்தச் சோதனை ஒரு பக்கம்தான் வேலை செய்யும். திரும்பி வந்த தமிழ் தவறாக இருந்தால் நிச்சயம் ஏதோ கோளாறு. சரியாக இருந்தால் மொழிபெயர்ப்பு சரி என்று அர்த்தம் இல்லை. பெயர் எழுத்துத் தப்பு, விட்டுப்போன முத்திரை, படத்தில் தப்பாகப் படிக்கப்பட்ட எண் இவை எதையும் அது காட்டாது.

பட்டாவுக்கு வருகிறேன். அதில் வாக்கியமே இல்லை, கட்டங்கள்தான். அதனால் எளிது என்று தோன்றும். உங்கள் ஒன்றரை ஏக்கர் பட்டாவில் ஏக்கராக இருக்காது. பரப்பு என்ற கட்டத்தில் ‘0 - 60.70’ என்பது மாதிரி இருக்கும். பூஜ்யம் ஹெக்டேர், 60.70 ஏர் என்று பொருள். ஒரு ஏர் என்பது நூறு சதுர மீட்டர். நடுவில் உள்ள கோட்டை மட்டும் பார்த்து அப்படியே ஆங்கிலத்தில் வைத்தால், பூஜ்யத்திலிருந்து அறுபது வரை என்று படிப்பார்கள். அல்லது அறுபது ஹெக்டேர் என்று படிப்பார்கள். ஒன்றரை ஏக்கர்க்காரர் நூற்றைம்பது ஏக்கர் எஸ்டேட்காரர் ஆகிவிடுவார். பக்கத்துக் கட்டத்தில் ‘தீர்வை’ இருக்கும். அது நிலவரி. தீர்வு என்று எண்ணி ‘தீர்ப்பு’ என்றோ ‘விடை’ என்றோ இயந்திரம் எழுத இடம் இருக்கிறது. பழைய பத்திரங்களில் வரும் ‘நஞ்சை’யும் அப்படித்தான். நெல் விளையும் நிலம் நமக்கு. இயந்திரத்துக்கு அது நஞ்சு என்ற சொல்லோடு ஐ சேர்ந்ததாகவும் தெரியலாம். ஒரு பத்திரத்தில் இரண்டு ஏக்கர் விஷம் விற்கப்பட்டதாக வந்த மொழிபெயர்ப்பைக் கையில் வாங்கியிருக்கிறேன். மலைமேல் உங்கள் தோட்டம் புஞ்சையாகத்தான் இருக்கும் என்றாலும் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஊர்ப் பெயரும் அப்படித்தான். ஏற்காடு, சேலம் என்றால் கருவிக்குத் தெரியும். மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை என்றால் அவற்றைச் சொற்களாகப் பிரித்து மஞ்சள் நிறக் குட்டை, வெள்ளத்தின் கடை என்று பொருள் பண்ணப் பார்க்கும். எந்த ஊரானாலும் அரசுப் பதிவில் ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறார்களோ அதே எழுத்துத்தான் வேண்டும்.

ஆட்பெயர் இதைவிட முக்கியம். நான் மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெண்ணின் பெயரை ‘ஜோதி’ என்று பார்த்ததும் எனக்குப் பழக்கமான ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டேன். பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை. அதில் நடுவே ஒரு ‘y’ இருந்தது. அந்த ஒரு எழுத்துக்காக அஃபிடவிட்டை மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு நான்கு நாள் போயிற்று. அன்றிலிருந்து பாஸ்போர்ட் நகலைக் கையில் வாங்காமல் முதல் வரியைக்கூட எழுதுவதில்லை. தமிழில் க, ச, ட, த, ப எல்லாம் இரண்டு மூன்று ஒலிக்கு நிற்பவை. பாலனா, காந்தியா, தனமா என்று தமிழ் எழுத்தை மட்டும் பார்த்து யாராலும் எழுத்துக்கூட்ட முடியாது. அது அகராதிக்கும் தெரியாது, போனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

இங்கேதான் உங்கள் தம்பி வருகிறார். மொழிபெயர்ப்பில் கையெழுத்திட அவருக்கு இடம் இல்லை, ஆனால் மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்கும் பெயர்ப் பட்டியலை அவர் தயார் செய்யலாம். ஒரு தாளில் இடது பக்கம் பத்திரத்தில் உள்ளபடி தமிழ்ப் பெயர், வலது பக்கம் பாஸ்போர்ட்டிலோ ஆதாரிலோ உள்ள ஆங்கில எழுத்து. உங்கள் அப்பா, பாட்டனார், போக்கியம் வாங்கியவர், சாட்சிகள், பத்திரம் எழுதியவர், ஊர்கள், தெருக்கள் எல்லாம் அதில் வர வேண்டும். தலைப்பெழுத்துக்கு விரிவும் வேண்டும். ‘மு. செல்வம்’ என்பதில் மு என்பது முத்துசாமியா முருகேசனா என்று எழுதிவைத்தால் மொழிபெயர்ப்பாளருக்கு அரை நாள் மிச்சம். பக்கக் கட்டணத்தில் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்கவும் அது நியாயமான காரணம்.

அவருடைய அகராதியும் வீண் இல்லை. வாக்கியம் முழுதும் புரிந்து, ஒரே ஒரு சொல் மட்டும் இடறும்போது அகராதிதான் சரியான கருவி. சென்னைப் பல்கலைக்கழகம் 1924-இலிருந்து 1936 வரை ஆறு தொகுதியாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே தேடக் கிடைக்கிறது. பழைய வருவாய்த்துறைச் சொற்களுக்கு 1855-இல் வில்சன் தொகுத்த சொற்களஞ்சியத்தை நான் இன்றும் புரட்டுகிறேன். தீர்வை, மிராசு, இனாம் போன்றவற்றை அந்தக் காலத்து அரசு அலுவலகங்கள் எந்தப் பொருளில் பயன்படுத்தின என்று அதில் பார்க்கலாம். ஆனால் அகராதி பொருள்களை வரிசையாக வைக்கும், எது இங்கே பொருந்தும் என்று சொல்லாது. ‘கெடு’ என்று தேடினால் தவணைக் காலம் என்றும் வரும், கெட்டுப்போ என்றும் வரும். அதில் எதை எடுப்பது என்பது பத்திரம் படித்த பழக்கம். அந்தப் பழக்கம் இல்லாதவர் அகராதியை வைத்துக்கொண்டு நான்கு பக்கம் எழுதினால் ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தும் பத்திரம் தப்பாக நிற்கும்.

காலேஜ் மெயில் வேறு விஷயம். அதைப் போனில் படியுங்கள், ஒரு குறையும் இல்லை. அது உங்களுக்குப் புரிவதற்கு மட்டும்தான். வேறு யாரும் அதை நம்பி முடிவெடுக்கப் போவதில்லை. தப்பாகப் புரிந்தாலும் மகள் மூலத்தைப் படித்துத் திருத்திவிடுவாள். நாளைக்கு மூன்று மெயில் வந்தால் மூன்றுக்கும் மொழிபெயர்ப்பாளரைத் தேடுவது நடக்கிற காரியமும் இல்லை. பொதுவாக ஆங்கிலத்தில் இருந்து தமிழுக்கு வரும் கடிதம், அறிவிப்பு மாதிரியான அன்றாட உரைகளை இந்தக் கருவிகள் நன்றாகவே செய்கின்றன. 2017-இல் தமிழுக்கு ‘நியூரல்’ என்ற புதிய கணினி முறை வந்தபின் முன்னைப்போல் சொல் சொல்லாக அடுக்குவதில்லை; வாக்கியமாகவே தருகின்றன.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. பணமும் தேதியும் வருகிற வரியைத் தமிழில் மட்டும் படித்துவிட்டுப் பேங்குக்குப் போகாதீர்கள். ‘விசா மறுக்கப்பட்டால் தவிர, கட்டிய முன்பணம் திரும்பக் கிடைக்காது’ என்பது மாதிரி வரி கல்லூரிக் கடிதங்களில் சாதாரணம். ஆங்கிலத்தில் அந்தத் ‘தவிர’ வாக்கியத்தின் பின்பாதியில் வரும். தமிழில் முன்னால் வர வேண்டும். இப்படி இடம் மாற்றும்போதுதான் நிபந்தனை உதிர்ந்துபோவதோ எதிர்மறை கழன்றுவிடுவதோ நடக்கிறது. மூலத்தில் ‘அன்லெஸ்’, ‘எக்செப்ட்’, ‘சப்ஜெக்ட் டு’ என்ற சொல் எங்காவது இருந்தால் அந்த வரியை மட்டும் மகளோடு உட்கார்ந்து படியுங்கள். தம்பி இருந்தால் இன்னும் நல்லது. இந்த வேலைக்கு அவரைத் தடுக்கிற விதி எதுவும் இல்லை.

அப்புறம், பத்திரத்தையோ ஆதார், வங்கிக் கணக்கு எண் உள்ள தாளையோ பெயர் தெரியாத இலவசத் தளங்களில் ஏற்றாதீர்கள். ஏற்றியதை அவர்கள் எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள் என்று உங்களால் பார்க்க முடியாது. உங்களுக்குப் புரிய வேண்டும் என்று ஒரு பத்தியைப் போட்டுப் பார்ப்பதானால் பெயரையும் எண்ணையும் எடுத்துவிட்டுப் போடுங்கள்.

இனி மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது. அவர் பக்கத்துக்கு 400 கேட்பது தவறான விலை இல்லை, நானும் அந்த அளவில்தான் வாங்குகிறேன். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் “போக்கியம் என்பதை எப்படி எழுதுவீர்கள்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். லீஸ் என்று சட்டென்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அடமானம் என்ற பக்கமாகப் பேச ஆரம்பித்தால் உட்காரலாம். அஃபிடவிட்டில் தன் பெயரிலேயே கையெழுத்துப் போடுவாரா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சிலர் மொழிபெயர்த்து மட்டும் கொடுப்பார்கள், கையெழுத்தென்றால் பின்வாங்குவார்கள்.

அவரே பணத்தை வாங்கிக்கொண்டு போனில் போட்டு எடுத்துத் தருகிறாரா என்று நீங்கள் சந்தேகப்படலாம். கருவியை முதல் வரைவுக்குப் பயன்படுத்துவதில் தவறில்லை. சரிபார்க்காமல் தருவதுதான் தவறு. அது தெரிகிற இடம் பத்திரத்தின் பின்பக்கம். பதிவான பத்திரத்தில் சார்பதிவாளரின் குறிப்பு, புத்தக எண், ஆவண எண், முத்திரை, கைரேகை எல்லாம் பின்பக்கத்திலும் ஓரத்திலும் சாய்வாகக் கிடக்கும். போன் கேமரா அதைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஒழுங்கான மொழிபெயர்ப்பில் ‘வட்ட முத்திரை: சார்பதிவாளர் அலுவலகம்’, ‘இடது பெருவிரல் ரேகை’, ‘இரண்டு சொல் படிக்க முடியவில்லை’ என்று அந்தந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கும். அது இல்லாமல் உரை மட்டும் சுத்தமாக வந்தால், பின்பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நோட்டரி முத்திரை இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். இந்த அஃபிடவிட்டில் நோட்டரி பார்ப்பது உறுதிமொழி சொன்னவர் இவர்தானா என்பதை. உங்கள் தீர்வைக் கட்டத்தை அவர் படிக்கப் போவதில்லை.

நாள் கணக்கு உங்களுக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. ஒரு மொழிபெயர்ப்பாளர் சாதாரணமாக ஒரு நாளில் இரண்டாயிரம் சொல் வரை நிதானமாகச் செய்வார். உங்கள் ஆறு பக்கம் அதற்குள் அடங்கும். நாளைக்குப் பிறப்புச் சான்றுக்கு எழுதிக்கொடுங்கள், தம்பியைப் பட்டியலில் உட்கார வையுங்கள். மூன்றாம் நாள் காகிதம் மொழிபெயர்ப்பாளர் கைக்குப் போகட்டும். ஐந்தாம் நாள் வரைவு வரும். அதைக் கையெழுத்துக்கு முன்பே வாங்கி, பெயர், தேதி, சர்வே எண், பரப்பு, தொகை இந்த ஐந்தையும் மூலத்தோடு விரல் வைத்து நீங்களும் தம்பியும் பாருங்கள். ஆடிட்டருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், ஐந்து லட்சம் இரண்டு இடத்திலும் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். ஏழாம் நாள் அஃபிடவிட். நான்கு நாள் கையில் இருக்கும். அவசரக் கட்டணம் என்று யாராவது ஒன்றரை மடங்கு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

அந்த நான்கு நாளை வேறு எதற்கும் செலவழிக்காதீர்கள். 1987 கிரயப் பத்திரத்தைக் கட்டாயம் வேண்டும் என்று சொல்லிவிட்டால் அதற்குத்தான் அது தேவைப்படும். அந்த வருடப் பத்திரம் பெரும்பாலும் கையெழுத்தில் இருக்கும். அதைப் போன் படிக்காது. மூன்று எட்டாகத் தெரியும், சர்வே எண்ணின் உட்பிரிவு விட்டுப்போகும். பதினொரு பக்கமும் மனிதர் கண்ணால் படித்தாக வேண்டும், இரண்டு முழு நாள் பிடிக்கும். உங்கள் ஊரில் பழைய பத்திர எழுத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால், இப்போதே அவரை வைத்து ஒருமுறை சத்தமாகப் படிக்கச் சொல்லி, தம்பி அதை அச்செழுத்தில் தமிழிலேயே எழுதிவைக்கட்டும். மொழிபெயர்ப்பு கேட்டால் அந்தப் பிரதியை மூலத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.